காலாவதியான கிஃப்ட் கார்டு: பணமா, புதுக் கார்டா, புகாரா?

தீபாவளிக்கு அலுவலகம் கொடுக்கும் கிஃப்ட் கார்டும், புதுமனை புகுவிழாவுக்கு உறவினர் வாங்கித் தரும் ஜவுளிக்கடை வவுச்சரும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில், ஒரே மாதிரி உறையில்தான் வருகின்றன. பில் கவுன்டரில் ‘இது செல்லாது’ என்று சொல்லப்படும்போதுதான் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு தெரியவருகிறது. ஒன்றில், காலக்கெடு முடிந்த பிறகும் மீதித் தொகையைத் தன் வங்கிக் கணக்கில் கேட்டுப் பெற ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. மற்றொன்றுக்கு அப்படி ஒரு விதியே இல்லை. அங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து வாதாடித்தான் பணத்தையோ பொருளையோ மீட்க வேண்டும். எந்த வழியில் போவது என்று முடிவெடுக்கும் முன் கார்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரியைப் படித்துவிட வேண்டும்.

அந்த வரி கார்டை வழங்கிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லும். முன்புறத்தில் கடையின் பெயர் பெரிதாக இருந்தாலும், பின்புறத்தில் ஒரு வங்கியின் பெயரோ ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற வேறொரு ப்ரீபெய்டு நிறுவனத்தின் பெயரோ இருந்தால், அந்தக் கார்டு 2021 ஆகஸ்ட் 27 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட ப்ரீபெய்டு கருவிகளுக்கான முதன்மை வழிகாட்டு விதிகளுக்குள் வருகிறது. கடையே தன் பெயரில் வழங்கி, தன்னிடம் மட்டுமே பொருள் வாங்கப் பயன்படும் வவுச்சரை அந்த விதிகள் மூடிய வகை என்று குறிப்பிட்டு வெளியே நிறுத்திவிடுகின்றன. அதை வழங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை, அதன் செல்லுபடிக் காலத்தையும் ரிசர்வ் வங்கி நிர்ணயிப்பதில்லை. தொடர்பில்லாத பல கடைகளில் செல்லும் மால் கார்டைக் கொடுத்துவிட்டு ‘எங்களுடையது மூடிய வகை’ என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, ஏனெனில் வழங்கிய நிறுவனத்திடமே வாங்க வேண்டும் என்பதுதான் மூடிய வகைக்கான வரையறை. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. ஐயம் இருந்தால் அதில் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம்.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இன்னொரு முக்கியமான செய்தி உண்டு. அனுமதி பெற்ற, வங்கியல்லாத நிறுவனம் கார்டுகளில் நிலுவையில் உள்ள தொகையை ஒரு வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதை அன்றாடச் செலவுக்கு எடுத்துப் புழங்க முடியாது. ஜவுளிக்கடை வவுச்சருக்காகக் கொடுத்த பணமோ அன்றைக்கே கல்லாவில் சேர்ந்து சரக்கு வாங்கப் போய்விடுகிறது. கடை நொடித்துப்போனால் வவுச்சர் வைத்திருப்பவர் கடைக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியவர்தான். கடை நன்றாக நடக்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடலாம். அவர்கள் பெங்களூரு அல்சூரில் குடியிருக்கும் தமிழர்கள். மகளுக்கு அவள் முன்பு வேலை பார்த்த நிறுவனம் 2024 அக்டோபர் 21 அன்று 5,000 ரூபாய் ஏற்றிய பலகடை கிஃப்ட் கார்டு ஒன்றைத் தந்தது. பின்புறத்தில் அனுமதி பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரும், 2025 அக்டோபர் 20 வரை செல்லும் என்ற குறிப்பும் இருக்கின்றன. அதில் 3,180 ரூபாய் செலவாகி, 1,820 ரூபாய் மீதி நிற்கிறது. அம்மாவிடம் இருப்பது, சேலத்திலிருந்து வந்த மாமா 2025 மார்ச் 9 அன்று கமர்ஷியல் தெருவில் உள்ள ஒரு ஜவுளிக்கடையில் தன் கிரெடிட் கார்டைக் கொண்டு வாங்கிய 3,000 ரூபாய் வவுச்சர். அது ஆறு மாதத்துக்கு மட்டுமே செல்லும். 2025 நவம்பர் 8 அன்று ஒரே நாளில், இரண்டும் இரு வேறு கடைகளில் மறுக்கப்படுகின்றன.

மகளின் கார்டு: மூன்று கோரிக்கைகளில் எது?

மேற்சொன்ன விதிகளின்படி எந்த ப்ரீபெய்டு கார்டும், கடைசியாகப் பணம் ஏற்றிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு செல்ல வேண்டும். கிஃப்ட் கார்டில் ஒரு முறைக்கு மேல் பணம் ஏற்ற முடியாது. ஒரு கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்கவும் கூடாது. மகளின் கார்டு சரியாக ஓராண்டு சென்றுவிட்டது, ஆகவே காலக்கெடுவில் பிழையில்லை. ஆனால் காலாவதிக்கு முந்தைய 45 நாட்களில், அதாவது செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து, நியாயமான இடைவெளிகளில் கார்டு வைத்திருப்பவரைக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் போன்ற வழிகளில் எச்சரித்திருக்க வேண்டும். அலுவலகம் மொத்தமாக வாங்கிய கார்டுகளில் இந்த எச்சரிக்கை மகளின் பழைய அலுவலக மின்னஞ்சலுக்கோ மனிதவளத் துறையின் முகவரிக்கோ போய்ச் சேர்ந்திருக்கக்கூடும். வேலையை விட்டுவந்தவர் கண்ணில் அது படவே படாது. கார்டு கைக்கு வந்த அன்றே வழங்கிய நிறுவனத்தின் தளத்தில் சொந்த எண்ணைப் பதிவுசெய்ய வசதி இருந்தால் செய்துவைப்பது நல்லது. எச்சரிக்கை வரவில்லை என்பது புகாரில் ஒரு துணைவாதமாக நிற்கும். மையமான வாதம் வேறு.

காலாவதி ஆன பிறகு எந்த நேரத்தில் கேட்டாலும், மீதித் தொகையைக் கார்டு வைத்திருப்பவருக்கு வங்கிக் கணக்கில் கொடுத்துவிட வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. அதுதான் மையமான வாதம். வங்கியல்லாத நிறுவனம், காலாவதி நாளிலிருந்து குறைந்தது மூன்றாண்டுகளுக்கு அந்தத் தொகையைத் தன் லாபக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் கூடாது. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் சிலர் இந்த மூன்றாண்டைக் கேட்பதற்கான கெடுபோலப் பேசுவதுண்டு. உண்மையில் அது கணக்கு எழுதுவதற்கான கட்டுப்பாடு. இருந்தாலும் அந்த மூன்றாண்டுக்குள், இங்கே 2028 அக்டோபர் 20-க்குள், கேட்டுவிடுவதே பாதுகாப்பு. அதற்குப் பிறகு உரிமை போய்விடாவிட்டாலும் ஏடுகளைத் தேட வைப்பது கடினம். வங்கியே வழங்கிய கார்டானால், கோரப்படாத வைப்புத்தொகைகளுக்காக 2014-இல் ஏற்படுத்தப்பட்ட நிதி தொடர்பான விதிகள் பொருந்தும்.

ஆக மகள் மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். முதலாவது, தன் வங்கிக் கணக்கில் பணம். இரண்டாவது, அதே கார்டின் காலத்தை நீட்டுவது அல்லது அதற்குப் பதிலாகப் புதுக் கார்டு. மூன்றாவது, பணம் ஏற்றப்பட்ட மூலக் கணக்குக்கே தொகையைத் திருப்பிவிடுவது. சேவை மையத்தில் பெரும்பாலும் இரண்டாவதையோ மூன்றாவதையோதான் முன்வைப்பார்கள் என்பதால், இம்மூன்றுக்கும் இடையே விதியின் சொற்களில் உள்ள ஏற்றத்தாழ்வைக் கவனிக்க வேண்டும். கார்டின் காலத்தை நீட்டிக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது; காலாவதிக்குப் பின் பணத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று சொல்கிறது. காலத்தை நீட்டுவது நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது, பணத்தைக் கொடுப்பது அப்படி விடப்படவில்லை. மூலக் கணக்குக்குத் திருப்புவதற்கோ கார்டு வைத்திருப்பவரின் சம்மதம் தேவை. மகளின் விஷயத்தில் மூலக் கணக்கு என்பது அவளது பழைய முதலாளியின் கணக்கு. சாட்டில் அவசரத்தில் ‘சரி’ என்று ஒரு சொல் தட்டச்சு செய்துவிட்டால் 1,820 ரூபாய் அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். அதை அங்கிருந்து வாங்குவது தனிப் போராட்டமாகிவிடும்.

என் கருத்தில், எழுத்தில் பணத்தைத்தான் கேட்க வேண்டும். பதிலாகப் புதுக் கார்டு தர முன்வந்தால், எந்தக் கட்டணமும் கழிக்காமல், மீதியை முழுதாக ஏற்றித் தருவார்கள் என்று உறுதிசெய்துகொண்டு ஏற்பதா என்று அப்போது முடிவெடுக்கலாம். 1,820 ரூபாய்க்குப் புதுக் கார்டு விரைவில் கைக்கு வருமென்றால், அடிக்கடி போகும் கடைகள் இன்னும் அதன் பட்டியலில் இருக்கின்றன என்றால், நான் அதையே வாங்கிக்கொள்வேன்; அடையாளச் சான்று, ரத்து செய்த காசோலை என்று பல சுற்று அலைவது மிச்சமாகும். தொகை பெரிதாக இருந்தாலோ பட்டியலில் இருந்த கடைகள் குறைந்துபோயிருந்தாலோ பணத்தில் உறுதியாக நிற்பதே சரி.

மின்னஞ்சலில் நீண்ட கதை தேவையில்லை. கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், பணம் ஏற்றிய நாள், காலாவதி நாள், மீதித் தொகை, மறுக்கப்பட்ட நாளும் கடையும், தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு விவரம், ‘மூலக் கணக்குக்குத் திருப்ப எனக்குச் சம்மதமில்லை’ என்ற ஒரு வரி ஆகியவை போதும். கார்டின் முழு எண்ணையும் ரகசிய எண்ணையும் எந்த மின்னஞ்சலிலும் எழுதக் கூடாது. வழங்கிய நிறுவனம் புகார்களுக்கென்று ஒரு நோடல் அதிகாரியை நியமித்திருக்க வேண்டும், அவரது தொடர்பு விவரம் தளத்தில் இருக்க வேண்டும். கூடுமானவரை 48 மணி நேரத்திலும், எப்படியும் 30 நாட்களுக்குள்ளும் புகாரைத் தீர்க்க வேண்டும். இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது புகார் நிறுவனத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து, அந்த நாளுக்குச் சான்று புகார் எண் என்பதால், தொலைபேசியில் பேசிவிட்டு எண் வாங்காமல் விடுவது வீண்.

இரண்டு மறுப்புகள் வரக்கூடும். ‘காலக்கெடு முடிந்தால் மீதி இழக்கப்படும் என்று எங்கள் நிபந்தனைகளில் இருக்கிறது’ என்பது ஒன்று. அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் தனக்கு அனுமதி தந்த விதியைத் தன் நிபந்தனைத் தாளால் வெட்டிவிட முடியாது என்பதே அதற்குப் பதில். ‘ஜிஎஸ்டி கட்டிவிட்டோம், திரும்ப எடுக்க முடியாது’ என்பது மற்றொன்று. 2024 டிசம்பர் 31 அன்று மறைமுக வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை, வவுச்சர் பரிமாற்றம் என்பதே சரக்கு வழங்கலோ சேவை வழங்கலோ ஆகாது என்றும், பயன்படுத்தாமல் போன வவுச்சர் தொகைக்கு ஜிஎஸ்டி இல்லை என்றும் தெளிவுபடுத்திவிட்டது.

30 நாட்களில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் மறுப்பாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண் உண்டு. இங்கே வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் ஒரு கணக்கை முன்பே போட்டுவிட வேண்டும்: இதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்துவிட்டால் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். விதி இவ்வளவு தெளிவாக இருக்கும் விஷயத்தில் 1,820 ரூபாய்க்காக ஆணையத்துக்குப் போவது நேர விரயம். குறைதீர்ப்பாளரே பொருத்தமான இடம். 30 நாள் முடிந்ததும் தாமதிக்காமல் அங்கே போய்விடுவது நல்லது.

காலம் இருந்தும் மறுக்கப்பட்டால்

சில நேரம் கார்டுக்கு உயிர் இருக்கும்போதே மறுப்பு வரும், அதைக் காலாவதி என்று நினைத்துத் தவறான இடத்தில் புகார் எழுதுவோர் உண்டு. ரூபே அல்லது விசா போன்ற வலையமைப்பில் ஓடும் கார்டானால், இயந்திரம் தரும் மறுப்புக்கு ஒரு குறியீடு இருக்கும். பல இயந்திரங்கள் அதைச் சீட்டில் அச்சிடும். 54 என்றால் காலாவதி. 51 என்றால் தொகை போதவில்லை. 57 என்றால் அந்த வகைப் பரிவர்த்தனைக்கு அந்தக் கார்டுக்கு அனுமதியில்லை. மறுப்புச் சீட்டைக் கிழித்துப்போடாமல் கேட்டு வாங்கிவிட்டால் பாதி ஆராய்ச்சி முடிந்துவிடும்.

51 வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம், பில் தொகை மீதியைவிடக் கூடுதலாக இருப்பதுதான். 1,820 ரூபாய் உள்ள கார்டை 2,400 ரூபாய்க்குத் தேய்த்தால் முழுவதும் மறுக்கப்படும். காசாளரிடம் ‘இந்தக் கார்டில் 1,820-ஐ மட்டும் போடுங்கள், மீதியை யுபிஐயில் தருகிறேன்’ என்று முன்கூட்டியே சொன்னால் அதே கார்டு செல்லும். கார்டின் மீதி எவ்வளவு என்று இயந்திரம் சொல்லாது, நாம்தான் பைசா வரை தெரிந்துவைத்திருக்க வேண்டும். 57 வந்தால், தங்கக் காசு போன்ற விலக்கப்பட்ட பொருளை வாங்குகிறோமா, இணையத்தில் மட்டும் செல்லும் கார்டைக் கடையில் தேய்க்கிறோமா என்று நிபந்தனைகளில் பார்க்க வேண்டும்.

பணம் கழிந்துவிட்டது, கடைக்கு மட்டும் உறுதி வரவில்லை என்றால் அது தனி வகை. வலையமைப்பில் ஓடும் கார்டைக் கடை இயந்திரத்தில் தேய்த்து இப்படி நேர்ந்தால், 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த கால அளவின்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாங்கிய நாளிலிருந்தே மீதி பூஜ்ஜியமாகக் காட்டும் கார்டு, விற்ற கவுன்டரில் இயக்கி வைக்கப்படாததாக இருக்கலாம். அதற்கு வாங்கிய பில்லோடு விற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

அம்மாவின் வவுச்சர்: விதி இல்லாத இடம்

இங்கே ரிசர்வ் வங்கி இல்லை, ஓராண்டு என்ற குறைந்தபட்சம் இல்லை, 45 நாள் எச்சரிக்கை இல்லை. ஆறு மாதம் என்று அச்சிட்டிருப்பதே சட்டவிரோதம் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக்கொண்டு கடைக்குப் போகக் கூடாது. மேலாளர் ஒரே நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார். இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மட்டுமே. 3,000 ரூபாயை முழுதாக வாங்கிக்கொண்டு பொருளும் தராமல், பணமும் தராமல், எந்தச் செலவும் ஏற்படாத நிலையில் முழுத் தொகையையும் கடை தன்னிடமே வைத்துக்கொள்வது நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் சேவைக் குறைபாடு என்றும் வாதிடலாம். இது வாதம்தான், வெற்றி உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். காலக்கெடு வாங்கும்போது தெளிவாகச் சொல்லப்பட்டதா என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கும். வவுச்சரின் முகப்பில் தடித்த எழுத்தில் நாள் இருந்தால் கடையின் கை ஓங்கும். உறைக்குள்ளிருந்த தனிச் சீட்டில், அல்லது வாங்கிய பிறகு வந்த குறுஞ்செய்தியின் இணைப்பில் மட்டும் இருந்தால் நம் கை ஓங்கும்.

வழிகள் மூன்று. முதலாவது கடையின் சலுகை. கிளை மேலாளருக்குப் பெரும்பாலும் அதிகாரம் இராது. தலைமை அலுவலகத்துக்கு வவுச்சரின் இருபுறப் படத்தோடு எழுதி, புதிய காலக்கெடுவுடன் அதே தொகைக்கு வவுச்சர் கேட்க வேண்டும். ஜவுளிக்கடைக்கு இது பெரிய இழப்பன்று, ஏனெனில் 3,000 ரூபாய் வவுச்சரோடு வருபவர் பெரும்பாலும் அதற்கு மேல்தான் வாங்குகிறார். அதனால்தான் ‘6,000 ரூபாய்க்கு வாங்கினால் வவுச்சரை ஏற்கிறோம்’ என்ற பதில் வரும். அம்மா எப்படியும் பட்டுப்புடவை வாங்கப் போகிறார் என்றால் அதை ஏற்பதில் தவறில்லை. தேவையில்லாமல் 3,000 ரூபாய் கூடுதலாகச் செலவழித்து 3,000 ரூபாயைக் காப்பாற்றுவது கடையின் கணக்குக்குத்தான் பொருந்தும். அந்தச் சலுகையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, மறுத்துவிட்டு அடுத்த வழிக்குப் போகலாம். நிபந்தனையோடு ஏற்க முடிகிற வவுச்சரை நிபந்தனையின்றி ஏற்க முடியாது என்று சொல்வது பிறகு கடைக்குக் கடினமாகும்.

இரண்டாவது, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம் என்பதால், கன்னடமோ ஆங்கிலமோ சரளமாக வராத அம்மாவே நேரடியாகத் தன் புகாரைச் சொல்ல முடியும், consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அவர்கள் கடைக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெயர் பெற்ற, பல கிளைகள் உள்ள கடைகளிடம் இது பலிக்க வாய்ப்பு அதிகம், தனிக்கடையிடம் குறைவு. செலவில்லாததாலும், பின்னால் ஆணையத்துக்குப் போகும்போது முயன்றதற்குச் சான்றாக நிற்பதாலும், 3,000 ரூபாய் அளவிலான தொகைக்கு இதைத் தவிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் தாக்கல் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடலாம். இங்கே மூன்று நுட்பங்களைக் கவனிக்க வேண்டும்.

பணம் கொடுத்தவர் மாமா, வவுச்சர் வைத்திருப்பவர் அம்மா. வாங்கியவரின் ஒப்புதலோடு பயன்படுத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. அதனால் ‘நீங்கள் பணம் கொடுக்கவில்லையே’ என்ற கேள்வி அம்மாவைத் தடுத்துவிடாது. இருந்தாலும் பில்லும் கிரெடிட் கார்டு அறிக்கையின் அந்தப் பக்கமும் மாமாவிடம்தான் இருக்கும்; அவற்றின் நகலை முதல் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும். மாமாவே புகார்தாரர் ஆகலாம் என்றால், புகார்தாரர் வசிக்கும் இடத்திலும் தாக்கல் செய்ய 34-ஆம் பிரிவு இடம் தருவதால், அவர் சேலத்தில் தாக்கல் செய்துவிட்டு, பெங்களூரு கடையை அங்கே பதில் சொல்ல வைக்கலாம். 3,000 ரூபாய்க்காக வெளியூருக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும் கடை சமரசத்துக்கு வர அதுவே ஒரு காரணமாக அமையும்.

அடுத்தது, புகாரின் தலைப்பு. ‘இந்த நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம், அதை ரத்து செய்யுங்கள்’ என்று மாவட்ட ஆணையத்தில் கேட்டால், கடையின் வழக்கறிஞர் முதல் நாளே அதிகார வரம்பை எழுப்புவார். நியாயமற்ற ஒப்பந்தம் குறித்த புகாரைச் சட்டம் மாநில ஆணையத்துக்குத்தான் ஒதுக்கியிருக்கிறது. ஆகவே மாவட்ட ஆணையத்தில் புகாரை நியாயமற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு என்ற இரண்டு தலைப்புகளுக்குள் வைத்து, வவுச்சரை மீண்டும் செல்லத்தக்கதாக்குவது அல்லது 3,000 ரூபாயைத் திருப்பித் தருவது, உடன் செலவுத்தொகை என்று கேட்பதே சரியான வடிவம். இந்த ஒரு வேறுபாட்டைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் விசாரணைத் தேதிகள் வீணாகப் போகும்.

கடைசியாகக் காலம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மறுக்கப்பட்ட நாள் நவம்பர் 8 என்று நாம் சொல்வோம், வவுச்சர் முடிந்த செப்டம்பர் 8 என்று கடை சொல்லும். ஆகவே 2027 செப்டம்பர் முதல் வாரத்தையே எல்லையாகக் கொள்வது நல்லது. கடையோடு மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டிருப்பதால் இந்தக் காலம் தானாக நீண்டுவிடாது.

மாமா தன் கிரெடிட் கார்டு வங்கியிடம் சர்ச்சை எழுப்பிப் பணத்தைத் திரும்பப் பெற முடியாதா என்ற கேள்வி இயல்பாக எழும். கடை மூடப்பட்டதாலோ வவுச்சர் முதல் நாளிலிருந்தே இயங்காததாலோ மறுக்கப்பட்டிருந்தால், விரைவாகச் செய்தால், அது நல்ல வழி. அச்சிட்ட காலக்கெடு முடிந்த பிறகு எழுப்பும் சர்ச்சையில் கடை அந்த அச்சையே காட்டும், வங்கி பெரும்பாலும் கடை பக்கம் சாயும்.

பணம் கொடுத்து வாங்காத வவுச்சர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 5,000 ரூபாய்க்கு வாங்கியதற்காக இலவசமாகத் தரப்பட்ட 500 ரூபாய்க் கூப்பனுக்குக் காலக்கெடு முடிந்தால் வாதாட அதிகம் இல்லை. மாறாக, திருப்பிக் கொடுத்த புடவைக்குப் பணத்துக்குப் பதிலாகக் கடை எழுதித் தந்த கிரெடிட் நோட்டு வலுவானது. புடவை குறையுடையதாக இருந்திருந்தால், பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தையே திருப்பியிருக்க வேண்டும் என்று தொடங்கி, நோட்டின் காலக்கெடுவையே கேள்வி கேட்கலாம்.

ஆக, அல்சூர்க் குடும்பத்துக்கு நான் சொல்லக்கூடிய வரிசை இது. மகள் இந்த வாரமே வழங்கிய நிறுவனத்துக்கு எழுதி, புகார் எண் வாங்கி, 30-ஆம் நாளை நாட்காட்டியில் குறிக்க வேண்டும். அம்மா கடையின் தலைமை அலுவலகத்துக்குப் பதினைந்து நாள் அவகாசம் தந்து எழுதி, பதில் வராவிட்டால் 1915-இல் பேச வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால், சேலத்தில் தாக்கல் செய்ய மாமா சம்மதிக்கிறாரா என்று கேட்க வேண்டும். அவர் தயங்கினால், 3,000 ரூபாய்க்காகப் பெங்களூரு ஆணையத்தின் விசாரணைத் தேதிகளுக்கு அலைய அம்மாவுக்கு மனம் உண்டா என்பதை அவரே முடிவுசெய்யட்டும். கடை அதற்குள் கூடுதல் வாங்கும் நிபந்தனையை 4,000 ரூபாய்க்கு இறக்கினால், நானாக இருந்தால் ஏற்றுக்கொள்வேன்.